கடைசித் தேதி இல்லாத காகிதம்

வங்கியில் யாராவது என்னை உட்காரச் சொன்னால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். இருபத்திரண்டு வருடமாக அதே கிளைக்குப் போய் வருகிறோம். ஒரு நாள்கூட யாரும் உட்காரச் சொன்னதில்லை. டோக்கன் எண் பலகையில் வரும்வரை கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, பாஸ்புக்கை நீட்டி, அதை மெஷினில் போடச் சொல்லி விரட்டப்பட்டு வந்தவள் நான். எங்கள் ஃபிக்சட் டெபாசிட் முதிர்ந்த வாரத்தில் மட்டும் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே அழைத்தார்கள். உள்ளே சோபா, ஏசி, பீங்கான் கோப்பையில் காப்பி. எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. சொன்னால் கேட்கிற ஆள்தான் பக்கத்தில் இல்லை.

பக்கத்தில் இருந்தவர் என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஆபீஸ் என்று எல்லோரையும் மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு ஓய்வு பெற்றவர். நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. நான் எண்ணவில்லை, என் முட்டி எண்ணியது. வீட்டுச் சாமான் கடை ஒன்றின் வாரண்டி கவுண்டரில் இருபத்தேழு வருடம் நின்ற முட்டி அது. படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஏறாமல் வீட்டுக்குள் போக எனக்கென்ன இறக்கையா முளைத்திருக்கிறது?

அதனால்தான் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் சின்னதாக ஒரு வீட்டுக்குப் பணம் கட்டி வந்தோம். பதினாலு மாதத்தில் சாவி. சாவி வாங்கும் நாளில் கடைசித் தவணை இருபது லட்சம். கட்டாவிட்டால் வீடு கைமாறிவிடும், கட்டியதிலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த இருபது லட்சம்தான் இப்போது முதிர்ந்து, சேமிப்புக் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. அதன் வாசனை எப்படியோ அந்தக் கண்ணாடி அறைவரை போய்விட்டது.

எதிரே ஒரு பையன். இருபத்தெட்டு வயது இருக்கலாம். நல்ல நீலத்தில் டை. அவன் பதவியின் பெயர் நீளமாக இருந்ததால் நான் மனதுக்குள் டைத் தம்பி என்று வைத்துக்கொண்டேன். இவரைப் பார்த்து வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட்டான். முப்பத்தாறு வருடம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் இவரை 'ஏம்பா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது 'சார்' விழுந்ததும் இவர் முதுகு நிமிர்ந்தது. ஐந்தாவது 'சாரில்' கால்மேல் கால் ஏறியது. இனி இந்த மனிதர் என் கையில் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

டைத் தம்பி சொன்னது இதுதான். டெபாசிட்டைப் புதுப்பித்தால் ஆறரை சதவீதம். பாதிப் பணத்தைப் பெர்பெச்சுவல் பாண்ட் என்கிற கடன் பத்திரத்தில் போட்டால் ஒன்பதரை. அதுவும் வெளி ஆள் இல்லை, நம்ம வங்கியே வெளியிடுவது. மீதிப் பாதிக்கு ஸ்ட்ரக்சர்ட் திட்டம் ஒன்று, மூன்று பெரிய கம்பெனிகளின் ஷேரோடு சேர்த்தது, வருடத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் வரை. அந்த 'வரை' என்ற சொல்லை மட்டும் அவன் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். எங்களுக்குப் பதினாலு மாதத்தில் பணம் வேண்டும் என்றேன். எப்போது வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம், அதற்கெல்லாம் மார்க்கெட் இருக்கிறது என்றான். இந்த வாய்ப்பு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடுமாம். எங்கள் கடையிலும் தள்ளுபடி எல்லா வெள்ளிக்கிழமையும் முடியும், எல்லாச் சனிக்கிழமையும் தொடங்கும்.

படித்துப் பார்க்கப் புத்தகம் ஒன்று கேட்டேன். அவன் முகம் சற்றே வாடியது. நாலு மடிப்பு வண்ணத்தாள் ஒன்றைக் கொடுத்தான். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உள்ளே போய், இரண்டு தடிப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து வந்தான்.

கவுண்டரில் நின்ற காலத்தில் எனக்கு ஒரு பழக்கம். வாரண்டி அட்டையை எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முன்பக்கத்தில் மிக்ஸி சிரிக்கும். எதெல்லாம் உடைந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இருபத்தேழு வருடத்தில் அழுதுகொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் முன்பக்கம் படித்தவர்கள்தான்.

அன்று சாயங்காலம் முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு பின்பக்கத்திலிருந்து ஏறினேன். ஏறின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த பாண்டுக்கு முதிர்வுத் தேதியே கிடையாது. எப்போது திருப்பித் தருவோம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ஐந்து வருடம் கழித்து வங்கி விரும்பினால் திருப்பித் தரலாம். விரும்பாவிட்டால் தரவேண்டியதில்லை. வாங்கியவர் கேட்க உரிமை இல்லை. வட்டியும் அப்படித்தான், ஒரு வருடம் நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம், விட்ட வட்டி விட்டதுதான், அடுத்த வருடம் சேர்த்து வராது. வங்கிக்குப் பெரிய நஷ்டம் வந்து மூலதனம் ஒரு அளவுக்குக் கீழே போனால், நம் அசலையே குறைத்து எழுதலாம், பூஜ்யம் வரைக்கும். வங்கிக் கதவு திறந்திருக்கும், ஏசி ஓடும், சோபாவும் இருக்கும். நம் பணம் மட்டும் இருக்காது.

இரண்டாவது புத்தகம் அதற்கு அண்ணன். மூன்று ஷேரில் எது மோசமாக ஓடுகிறதோ அதுதான் நம் கணக்கு. மூன்று பிள்ளைகளில் இரண்டு நூற்றுக்கு நூறு வாங்கினாலும், ஃபெயிலான பிள்ளையின் மதிப்பெண்ணைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மூன்று வருடம் கழித்துக் கடைசி நாளில் அந்த மோசமான ஷேர் தொடக்க விலையில் அறுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அது எவ்வளவு விழுந்ததோ அவ்வளவும் நம் அசலிலிருந்து போகும். நன்றாக ஏறினாலோ, பன்னிரண்டுக்கு மேல் நமக்கு ஒரு பைசா கிடையாது. நடுவில் பணம் வேண்டுமென்றால், வெளியிட்டவர்களே ஒரு விலை சொல்வார்கள், அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும்.

இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். பழைய வாரண்டி அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக் காட்டினேன். முதலில் இதற்கெல்லாம் பதில் வாங்குங்கள், கையெழுத்து அப்புறம் என்றேன். இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கு எல்லாமே ரிப்பேருக்கு வர்ற சாமானாத்தான் தெரியும். நல்லா ஓடுற சாமானை நீ பார்த்ததே இல்ல."

"ஓடுற சாமானை எவன் கவுண்டருக்குத் தூக்கிட்டு வருவான்? சரி, அதை விடுங்க. நிக்க மாடியே இல்லாத லிஃப்ட்ல நீங்க ஏறுவீங்களா?"

லிஃப்டை ஏன் இழுக்கிறாய் என்று எழுந்து போய்விட்டார். வட்டி வித்தியாசத்தில் புது வீட்டுக்கு எனக்கு உயரமான சமையல் மேடையும் அலமாரியும் செய்து கொடுக்க நினைத்தாராம். அது பின்னால்தான் தெரிந்தது. அன்று தெரிந்திருந்தால் கொஞ்சம் குரலைத் தணித்திருப்பேன். கொஞ்சம்தான்.

மறுநாள் காலை நான் முட்டிப் பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து இவர் தனியாக வங்கிக்குப் போய்விட்டார். நான் ஐம்பத்து நான்கு படியும் ஏறி வீட்டுக்குள் நுழைந்தால், மேஜையில் புத்தம்புது ஃப்ளாஸ்க். வங்கியின் பெயர் அச்சடித்தது. பக்கத்தில் விண்ணப்பத்தின் நகல்.

நகலை எடுத்துப் பார்த்தேன். வயது அறுபத்து நான்கு. நஷ்டத்தைத் தாங்கும் மனப்பாங்கு என்ற இடத்தில் 'மிக அதிகம்' என்று டிக். முதலீட்டு அனுபவம், பத்து வருடத்துக்கு மேல். பணம் தேவைப்படாத காலம், ஐந்து வருடத்துக்கு மேல். ரோட்டைக் கடக்க மூன்று முறை இந்தப் பக்கமும் மூன்று முறை அந்தப் பக்கமும் பார்க்கிற மனிதர் இவர். பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஸ்டேஷனில் போய் உட்காருகிறவர். இவருக்கு நஷ்டத்தைத் தாங்கும் மனப்பாங்கு மிக அதிகமாம். யார் டிக் போட்டது என்று கேட்டேன். ஃபாரம் வரும்போதே டிக்கோடுதான் வந்தது என்றார்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பணத்துக்காக அழவில்லை. அந்தத் தரைத்தள வீட்டு வாசலில் ஒரே ஒரு படிதான். அதைக் கட்டும்போது போய்ப் பார்த்து, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கொத்தனார் சிரிக்கும்வரை விளையாடிவிட்டு வந்தவள் நான். அந்த ஒரு படியை இந்த மனிதர் ஒரு ஃப்ளாஸ்க்குக்கு விற்றுவிட்டு வந்திருந்தார்.

இவர் என் பக்கம் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். பணம் இன்னும் போகவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு போன் வரும், பதிவாகும். அது முடிந்த பிறகுதான் கணக்கிலிருந்து எடுப்பார்கள். என்ன கேட்டாலும் 'ஆமாம்' என்று மட்டும் சொல்லச் சொல்லி டைத் தம்பி இரண்டு தடவை ஒத்திகை பார்த்து அனுப்பியிருக்கிறான். 'இல்லை' என்று வந்தால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடுமாம், வீண் அலைச்சலாம்.

அப்படியென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். இவர் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடினார். போட்ட கையெழுத்திலிருந்து பின்வாங்கினால் மூக்குடைபடும் என்று நினைக்கிற ஆள். அதுவும் 'சார்' என்று கூப்பிட்ட பையனிடம்.

போன் நாலு மணிக்கு வந்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். நிதானமான பெண் குரல். எழுதி வைத்ததைப் படிக்கிறாள் என்பது தெரிந்தது, ஆனால் தெளிவாகப் படித்தாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரிபார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

இந்தப் பத்திரத்துக்கு முதிர்வுத் தேதி கிடையாது, திருப்பித் தருவதும் தராததும் வங்கியின் விருப்பம் என்பது உங்களுக்குத் தெரியுமா? இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாம்" என்றார். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த அதே கம்பீரம்.

இது டெபாசிட் அல்ல, டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது என்பது தெரியுமா? "ஆமாம்." இந்த முறை கொஞ்சம் சுருதி இறங்கியது. வட்டி நிறுத்தப்படலாம், நிறுத்திய வட்டி பிறகு கிடைக்காது? "ஆமாம்." வங்கிக்கு நெருக்கடி வந்தால் உங்கள் அசல் முழுவதும் நீக்கப்படலாம், அதற்காக யாரிடமும் உரிமை கோர முடியாது?

இவர் என்னைப் பார்த்தார். மேஜையில் கிடந்த வாரண்டி அட்டையைப் பார்த்தார். அந்தப் பெண் என் அட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருந்திருக்கும் போல. "ஆமாம்" என்றார். பாதி காற்றாகத்தான் வந்தது.

"சார், இந்தப் பணம் அடுத்த அஞ்சு வருஷத்துக்குள்ள உங்களுக்குத் தேவைப்படுமா?"

நான் அப்போது வெந்நீர்ப் பையை இடது முட்டியிலிருந்து வலது முட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இவர் அதைப் பார்த்தார். டைத் தம்பி இந்தக் கேள்வியை மறந்துவிட்டானா, இல்லை ஒத்திகையில் இவர் தூங்கிவிட்டாரா தெரியாது. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமாம்" என்றார். அடித்தளத்திலிருந்து மேல்மாடி வரை கேட்கும் குரல்.

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம். ஐந்து வருடத்துக்கு மேல் தேவையில்லை என்று படிவத்தில் இருக்கிறதே என்றாள். "ஆமாம்" என்றார். அப்படியானால் எது சரி என்றாள். அதற்கு ஆமாம் பொருந்தாது என்பதால் இவர் விழித்தார். அவள் இறங்கிய குரலில் கேட்டாள்.

"சார், எப்படிப் பதில் சொல்லணும்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?"

"ஆமாம்."

"என்ன சொன்னாங்க சார்?"

இவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். பிறகு போனிடம் உண்மையைச் சொன்னார்.

"எல்லாத்துக்கும் ஆமாம் சொல்லச் சொன்னாங்கம்மா. இந்தக் கேள்விக்கு என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுக்கல."

அந்தப் பெண் இருமினாள். பயிற்சியில் சிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். விண்ணப்பத்தை நிறுத்தி வைப்பதாகவும், கிளையிலிருந்து ஒருவர் வந்து மறுபடி விளக்குவார் என்றும், விருப்பமில்லையென்றால் எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொல்லி வைத்துவிட்டாள். நான் ஃப்ளாஸ்க்கில் இவருக்குக் காப்பி போட்டு வைத்தேன். சூடு நன்றாகத்தான் நின்றது, குறை சொல்லக் கூடாது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் டைத் தம்பி. டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, கையில் புது விண்ணப்பம். வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. முதல் மாடிவரை ஓடி வந்திருப்பான் போல. எங்கள் படிகள் செங்குத்து, முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது.

நாற்காலியைக் காட்டினேன். அவனை உட்காரச் சொன்னது எனக்கே நன்றாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். அவன் பேச ஆரம்பிக்கும் முன் வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டேன். மூச்சு இருந்தால்தானே வியாபாரம் பேச முடியும்? மூச்சு வாங்குகிறவனால் ஒரு சொல்தான் சொல்ல முடியும், அந்த ஒரு சொல்லில் பொய் நுழைய இடமில்லை. இவர் பக்கத்தில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புது விண்ணப்பத்தின் மேல் இவர் கண் ஒருமுறை போய் வந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

"இந்த பாண்டுல எந்தத் தேதிக்குக் காசு திரும்பி வரும்னு எழுதித் தருவீங்களா தம்பி?"

"முடியாது... ஆன்ட்டி."

பதினாலாவது மாதம் விற்கப் போனால் போட்ட விலைக்கு வாங்க ஆள் இருப்பார்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். மார்க்கெட் இருக்கிறதுதான், ஆனால் இவ்வளவு சின்ன தொகைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், வெளியே வட்டி ஏறியிருந்தால் விலை குறைவாகத்தான் கேட்பார்கள் என்று மூச்சுக்கு ஒரு துண்டாகச் சொன்னான். அந்த மூன்று ஷேர் திட்டத்தில் அசல் குறைய வழி இருக்கிறதா? இருக்கிறது. எங்கள் பாதுகாப்பான டெபாசிட்டை எடுத்து இதில் போட்டால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? தண்ணீரை முழுவதும் குடித்து முடித்துவிட்டு, டெபாசிட்டுக்கு ஒன்றும் கிடைக்காது, இதற்கு வங்கிக்குக் கமிஷன் உண்டு, தனக்கு இந்த மாத டார்கெட்டில் இன்னும் இரண்டு விண்ணப்பம் பாக்கி என்றான். அதைச் சொல்லும்போது முதல் முறையாக அவன் முகத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை தெரிந்தான். எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன், தேவைப்படும்.

அட்டையில் கேள்விகள் முடிந்தன. டைத் தம்பி என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினான். புது விண்ணப்பத்தை மேஜையில் வைத்து, பேனா மூடியைக் கழற்றி நீட்டினான்.

"சார், நீங்க சொல்லுங்க சார்."

பாவி, இரண்டு 'சார்' போட்டுவிட்டான். இவர் பேனாவை வாங்கினார். விண்ணப்பத்தைத் திருப்பினார். கடைசிப் பக்கத்திலிருந்து, பொடி எழுத்தை, விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு வெள்ளைத்தாள் ஒன்று கேட்டார். விண்ணப்பம் வேண்டாம், இருபது லட்சத்தையும் பதின்மூன்று மாத டெபாசிட்டில் போடவும், முதிர்வுத் தேதியைத் தெளிவாகக் குறிப்பிடவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கு மட்டும் பேனா அழுத்தமாக ஓடியது.

டைத் தம்பி வாங்கிக்கொண்டான். ஃப்ளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று இவர் கேட்டார். வேண்டாம் சார் என்றான். டையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலில் நின்று கீழே எட்டிப் பார்த்தான். ஐம்பத்து நான்கு படியும் அவனைப் பார்த்தன. என் முட்டியில் சுற்றியிருந்த பட்டியையும் அப்போதுதான் கவனித்தான்.

"ஆன்ட்டி தினமும் இதுலயா ஏறி இறங்குறாங்க? இங்க லிஃப்ட் எதுவும் இல்லையா சார்?"

இவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, வேலை பார்த்த காலத்தில் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்.

"இல்ல தம்பி. அதுக்குத்தான் அந்தக் காசு."

டைத் தம்பி கையிலிருந்த வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினான்.